யார் போடுவது, யார் பார்ப்பது, யார் பதில் சொல்வது

அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை. குன்னூர் பக்கம் ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி. கூடவே தேயிலையைப் பாக்கெட் போட்டு விற்கும் சின்னக் கடை. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே இன்ஸ்டாகிராம் பக்கம். மதியத்திலிருந்து மழை விடவில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறுக்கு மேலே மண் சரிந்து வண்டிகள் நிற்கின்றன. மணி ஏழு அடித்ததும், போன வாரமே ஷெட்யூல் செய்து வைத்த ரீல் தானாக ஏறுகிறது: "மழை, மூடுபனி, சூடா ஒரு டீ. கிளம்பி வாங்க!"

அடியில் ஒருவர் கேட்கிறார்: "ரோடு ஓபனா?" கடைக் கவுண்டரில் இருப்பவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், வாங்க" என்று பதில் போடுகிறார். அதே ஆள் வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார். விடுதி மேலாளர் "ரோடு க்ளோஸ், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறார். பேஸ்புக் மெசேஜில் உரிமையாளரின் மகள், "வருந்துகிறோம். தங்களது முன்பதிவுத் தொகை முழுமையாகத் திருப்பி அளிக்கப்படும்" என்று எழுதுகிறார். கேட்டவர் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒற்றை நட்சத்திரத்தோடு கூகுள் ரிவ்யூவில் ஏற்றுகிறார்.

உதாரணத்துக்காகக் கோத்த மாலைதான் இது. ஆனால் மலைமேல் கடையோ காட்டேஜோ நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு வரியாவது பழகியதாக இருக்கும். மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. கவுண்டர்காரருக்குத் தெரிந்தது கடை வாசல் ரோடு, மேலாளருக்குத் தெரிந்தது மலைப்பாதை, மகளுக்குத் தெரிந்தது பணம். கேட்டவருக்கோ எதிரே இருந்தது ஒரே வாய். ஒரே வாய் பத்து நிமிடத்தில் மூன்று விதமாகப் பேசினால் அதற்கு வேறு பெயர்தான் வைப்பார்கள்.

இந்த மாதிரி இடங்களில் பக்கத்தின் பின்னால் பெரும்பாலும் நாலைந்து கைகள் இருக்கும். நம் உதாரணத்தில் ஐந்து: உரிமையாளர், அவர் மகள், விடுதி மேலாளர், கடைக் கவுண்டர், கோயம்புத்தூரில் உட்கார்ந்து ரீல் வெட்டித் தரும் எடிட்டர். வேலையைப் பிரிக்கும்போது எல்லோரும் முதலில் செய்வது தளவாரியாகப் பிரிப்பதுதான். இன்ஸ்டா எடிட்டருக்கு, வாட்ஸ்அப் மேலாளருக்கு, பேஸ்புக் மகளுக்கு. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் தளம் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. அறை வாடகையை ரீலுக்கு அடியில் கேட்பார், டீத்தூள் விலையை வாட்ஸ்அப்பில் கேட்பார், பணம் திரும்ப வருமா என்பதைக் கூகுளில் கேட்பார். அப்படி ஒவ்வொரு தளத்திலும் இருப்பவர் தனக்குத் தெரியாததற்கும் பதில் சொல்ல நேர்கிறது.

ஆகவே பிரிக்க வேண்டியது தகவலை. ஒரு தகவலுக்கு ஒருவரே பொறுப்பு. அவர் சொன்னதை எந்தத் தளத்தில் யார் தட்டச்சு செய்தாலும் பரவாயில்லை.

எந்தத் தகவல் யார் கையில்

ஒரு நோட்டில் பத்து வரி போதும். முந்தைய இரண்டு மாதத்தின் மெசேஜ்களையும் கமெண்ட்களையும் ஒரு மணி நேரம் புரட்டினால், கேட்கப்படும் கேள்விகள் எட்டு பத்து வகைக்குள் அடங்கிவிடுவது தெரியும். அறை காலியா, வாடகை எவ்வளவு, நாய் கொண்டு வரலாமா, ரோடு எப்படி, இ-பாஸ் வேண்டுமா, டீத்தூள் விலை, கூரியர் எப்போது வரும், பணம் திரும்ப வருமா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், அவர் இல்லாத நேரத்துக்கு இன்னொரு பெயர். அறையும் ரோடும் மேலாளர் கையில், விலையும் கூரியரும் கவுண்டர் கையில், பணம் உரிமையாளர் கையில். இரண்டாவது பெயர் இல்லாத பட்டியல் ஒரு கல்யாண முகூர்த்தத்தைத் தாங்காது. பொறுப்பாளர் மண்டபத்தில் இருப்பார், கேள்வி இங்கே தொங்கும்.

தன் கையில் இல்லாத கேள்வி வந்தால் என்ன சொல்வது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். "கேட்டுச் சொல்றோம்" மட்டும் போதாது; நேரமும் சேர வேண்டும். "ரோடு நிலவரம் கேட்டு ஆறு மணிக்குள்ள சொல்றோம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கவுண்டர்காரர் தயங்காமல் எழுதும் நிலை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்" பிறக்கிறது.

இ-பாஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பழைய பதில் எப்படிக் கெடுதல் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் வந்தது. அப்போது வாகன எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பதிவு செய்தால் பாஸ் கிடைத்தது. "சும்மா பதிவு பண்ணுங்க, உடனே கிடைச்சிடும்" என்று அன்றைக்கு எழுதிய பதில் சரி. 2025 ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்கு வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதே பதிலை அப்படியே ஒட்டியிருந்தால், சனிக்கிழமை காலை கல்லாறு சோதனைச் சாவடியில் பாஸ் இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு அந்தப் பக்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிசினஸ் வாட்ஸ்அப்பில் விரைவுப் பதில்களாகவும், பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் ஒரே இடத்தில் நடத்தும் மெட்டா பிசினஸ் சூட்டில் சேமித்த பதில்களாகவும் இப்படிப்பட்ட வரிகள் தூங்கிக்கொண்டிருக்கும். எழுதிய நாளில் அவை உண்மை. அதனால் சேமித்த ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த மாதமும் இருக்கட்டும்: "இ-பாஸ், மேலாளர், மார்ச்" என்பது போல. மூன்று மாதம் தாண்டியதை அவர் பார்க்காமல் யாரும் அனுப்பக் கூடாது. அரசு விதி மாறக்கூடிய விஷயங்களில் விதியை நம் வார்த்தையில் சொல்வதைவிட epass.tnega.org என்ற முகவரியைக் கொடுத்து, "கிளம்புவதற்கு முன் இங்கே பாஸ் எடுத்துவிடுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பார்த்து ஒப்புக்கொள்வது

எல்லாவற்றையும் உரிமையாளர் பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்று ஒரு விதி போடுவார்கள். இரண்டு வாரம் நடக்கும். மூன்றாவது வாரம் எடிட்டர் காலையில் அனுப்பியதை உரிமையாளர் ராத்திரி பார்ப்பார், பனிப்பொழிவு ரீல் வெயில் வந்த பிறகு ஏறும். அடுத்தது, "ஸ்டோரிதானே, நாளைக்குப் போயிடும்" என்று யாராவது கேட்காமல் போடத் தொடங்குவார். ஸ்டோரிகள் திடீரென்று அதிகமாகி, போஸ்ட்கள் குறைந்தால், ஒப்புதல் முறை உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆட்களின் ஒழுங்கீனம் இதற்குக் காரணமில்லை. வாசல் குறுகலாக இருந்தால் வேலி ஏறிக் குதிப்பார்கள்.

எது தவறினால் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் அளவுகோல். தோட்டத்துப் பூ, காலைப் பனி, டீ ஊற்றும் கை: இவற்றுக்கு ஒப்புதலே வேண்டாம், போட்டுவிட்டுச் சொன்னால் போதும். விலை, தள்ளுபடி, தேதி, அடையாளம் தெரியும் மனித முகம் உள்ளவை ஒருவர் கண்ணில் பட வேண்டும். அவர் அந்தத் தகவலின் பொறுப்பாளர், உரிமையாளராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. புகாருக்குப் பொதுவில் தரும் பதில், பணம் திருப்பித் தருவது, விபத்து, அரசு உத்தரவு, உடல்நலம் பற்றிய எந்தச் சொல்லும் இரண்டு பேர் பார்க்காமல் போகக் கூடாது.

உடல்நலம் என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கிரீன் டீ பாக்கெட் படத்துக்குக் கீழே "சர்க்கரை குறையும்" என்று ஆசையாக ஒரு வரி சேர்ப்பது எளிது. நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்களும் இருக்கின்றன. அபராதம் முதல் தடவை 10 லட்சம் வரை போகலாம். இலவசமாக இரண்டு ராத்திரி தங்கவைத்து ஒரு பிரபலம் ரீல் போட்டால், அதில் அந்தச் சலுகை தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் பக்கத்தையும் சேர்த்துக் கூட்டுப் பதிவாக வருவதற்குச் சம்மதம் கேட்டு நோட்டிபிகேஷன் வரும். அதை அழுத்துவதும் ஒரு ஒப்புதல்தான், யார் அழுத்தலாம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். தோடர்களின் குடியிருப்பான மந்து பக்கம் நடந்து எடுத்த வீடியோ, கொழுந்து பறிக்கும் பெண்களின் முகம் தெரியும் படம் எல்லாம் சம்மதம் கேட்டதா என்ற கேள்விக்குப் பிறகே ஏற வேண்டும்.

நேரக் கெடு இல்லாத ஒப்புதல் ஒப்புதலே ஆகாது. ஒருவர் பார்க்க வேண்டியதற்கு நாலு மணி நேரம். பதில் வராவிட்டால் இரண்டாவது பெயர். இரண்டு பேர் பார்க்க வேண்டியதற்குப் பதில் வராவிட்டால் அது போகாது, அவ்வளவுதான். மௌனத்தைச் சம்மதமாக எடுக்கலாமா கூடாதா என்பதை ஒவ்வொரு வகைக்கும் முன்கூட்டியே எழுதிவைக்காத இடத்தில்தான் "நான் ஓகே சொல்லலையே", "நீங்க வேண்டாம்னும் சொல்லலையே" என்ற சண்டை வரும்.

இன்னொரு பழக்கம் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல். எடிட்டர் காலையில் கேப்ஷன் அனுப்புகிறார், மதியம் படம் அனுப்புகிறார், மாலையில் திருத்திய படம் அனுப்புகிறார். உரிமையாளர் ஒரு கட்டைவிரல் காட்டுகிறார். எதற்கு? 250 கிராம் பாக்கெட் 220 ரூபாய் என்று கேப்ஷனிலும், 200 ரூபாய் என்று படத்துக்குள்ளும் இருக்கும் பதிவு இப்படித்தான் வெளியே வருகிறது. கேப்ஷனை நிமிடத்தில் திருத்திவிடலாம்; படத்துக்குள் அடித்த எழுத்தைத் திருத்த முடியாது, அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும், கீழே வந்த கமெண்ட்களும் சேர்ந்து போகும். ஆகவே படமும் கேப்ஷனும் நேரமும் ஒரே மெசேஜில் வர வேண்டும், அந்த மெசேஜுக்கே பதிலாக "போடலாம்" என்று எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் புது மெசேஜ், புது "போடலாம்".

ஒரே குரல் என்றால் என்ன

பிராண்ட் குரல் பற்றி வரும் ஆலோசனைகள் "நட்பாக, நம்பிக்கையாக, நேர்மையாக" என்று மூன்று பண்புச் சொற்களில் முடிந்துவிடும். கவுண்டரில் நிற்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தமிழில் எழுதும் பக்கத்துக்கு முடிவு செய்ய வேண்டியவை வேறு. முதலாவது, பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா. "இருக்கு" என்று ஒருவர், "இருக்கிறது" என்று ஒருவர், "உள்ளது" என்று ஒருவர் எழுதினால் மூன்று ஆட்கள் இருப்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நம் உதாரணப் பக்கத்தில் மகள் எழுதிய "தங்களது முன்பதிவுத் தொகை" வங்கிக் கடிதம் போல ஒலித்ததற்கு இதுதான் காரணம்.

நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு இது: பதிவிலும் சாதாரணப் பதிலிலும் பேச்சுத் தமிழ், ஆனால் எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி. "வாங்க", "இருக்கு", "சொல்றோம்", "பண்ணுங்க" என்று இருபது வார்த்தைக்கு எழுத்தை முடிவு செய்து நோட்டின் பின்பக்கத்தில் எழுதினால் போதும். "பிரச்சனையா பிரச்சினையா" என்று குழுவில் அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை, ஒருமுறைதான். விலை, தேதி, செக்-இன் நேரம், பணம் திருப்புவது, புகார் ஆகியவற்றில் எழுத்துத் தமிழ், "நீங்கள்". பணத்தைப் பற்றிப் பேச்சு நடையில் எழுதினால் வாக்குறுதி எங்கே முடிகிறது என்பது தெளிவாக இருக்காது. "பாத்துக்கலாம்" என்றால் திருப்பித் தருவோம் என்றும் படிக்கலாம், தர மாட்டோம் என்றும் படிக்கலாம். அந்த ஒரு சொல்லைப் பணம் பற்றிய பதில்களில் தடை செய்துவிடலாம்.

அடுத்தது விளிப்பு. "சார்" என்று தொடங்கிய பதிலுக்கு "நான் மேடம்" என்று பதில் வரும். பூப்படம் வைத்த ஐடியில் யார் என்று எப்படித் தெரியும்? "ப்ரோ" ஒரு பக்கம், "டியர்" இன்னொரு பக்கம் போடுகிறவர்களும் உண்டு. "வணக்கம்" என்று தொடங்கி "நீங்க" என்று பேசினால் விளிச்சொல் தேவையே படுவதில்லை. புகாரில் மட்டும் அவர் காட்டியிருக்கும் பெயரை ஒருமுறை சொல்லலாம். எந்தச் சண்டையிலும் ஒருமைக்கு இறங்கக் கூடாது. எதிராளி "நீ" என்றாலும் பக்கம் "நீங்க" தான்.

மூன்றாவது எழுத்தும் மொழியும். "Room iruka" என்று ஆங்கில எழுத்தில் கேட்பவருக்கு அதே எழுத்தில் பதில் சொல்வது பல இடங்களில் வழக்கம். நீலகிரியில் மலையாளத்திலும் கன்னடத்திலும் கேள்வி வரும், அதுவும் ஓணம், தசரா விடுமுறைகளில். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் எழுதிப் பார்ப்பதைவிட, நம்பர்களைத் தெளிவாகப் போட்டு எளிய ஆங்கிலத்தில் சொல்வது பாதுகாப்பு. பேசத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவருடைய வேலை நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, "பத்து மணிக்குக் கூப்பிடுகிறோம்" என்று எண் வாங்கிக்கொள்ளலாம்.

குரலைப் புதியவருக்குச் சொல்லித்தரச் சிறந்த வழி ஜோடிகள். அறை இல்லை என்று சொல்வதை எடுத்துக்கொள்வோம். "No rooms" என்பதும், "மன்னிக்கவும், தற்போது அறைகள் ஏதும் காலியாக இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதும் வேண்டாம். "வணக்கம். 14, 15 ரெண்டு நாளும் அறை நிறைஞ்சிருச்சு. 16 ஞாயிறு ராத்திரி ரெண்டு அறை இருக்கு, வேணும்னா சொல்லுங்க." இதில் குரலும் இருக்கிறது, தகவலும் இருக்கிறது. இப்படி எட்டு பத்து ஜோடி எழுதிச் சுவரில் ஒட்டினால், பண்புச் சொற்கள் நிறைந்த நாற்பது பக்கக் கொள்கைக் கோப்பு செய்யாத வேலையை அது செய்யும்.

சாவிகள்

யார் என்ன செய்யலாம் என்று நோட்டில் எழுதியது, தளத்தில் கொடுத்திருக்கும் அனுமதியோடு பொருந்த வேண்டும். பேஸ்புக் பக்கத்தில் "Full control" உரிமையாளருக்கும் மகளுக்கும் மட்டும் போதும். ஒருவர் மட்டும் இருந்தால் அவருடைய சொந்தக் கணக்கு முடங்கும் நாளில் பக்கமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு "Task access": எடிட்டருக்குப் பதிவும் விளம்பரமும், மேலாளருக்கும் கவுண்டருக்கும் மெசேஜும் கமெண்டும். இன்ஸ்டாகிராமைப் பக்கத்தோடு இணைத்துவிட்டால் மெட்டா பிசினஸ் சூட் வழியாகவே பதில் சொல்லலாம், பாஸ்வேர்டைப் பகிர வேண்டியதில்லை. பகிர்ந்த பாஸ்வேர்டில் யார் என்ன எழுதினார் என்பது தெரியாது. தவிர, ராத்திரி பத்து மணிக்கு எடிட்டர் லாகின் செய்ய, ஓடிபி மகளின் போனுக்கு வர, அவர் தூங்கியிருக்க, வேலை நிற்கும்.

கூகுள் பிசினஸ் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். பல இடங்களில் ஆரம்பத்தில் பக்கம் தொடங்கிக் கொடுத்த ஏதோ ஒரு ஏஜென்சி ஆளின் மின்னஞ்சல்தான் முதன்மை உரிமையாளராக இருக்கும். ரிவ்யூவுக்குப் பதில் எழுதக் கூகுளின் "Manager" நிலை போதும். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் "Owner" நிலையில் இருப்பவர் கையில்தான். புதிதாகச் சேர்ந்த உரிமையாளர் மற்றவர்களை நீக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், மனஸ்தாபம் வந்த பிறகு இதைத் தொடங்கினால் தாமதமாகிவிடும்.

பிசினஸ் வாட்ஸ்அப் செயலியில் ஒரு போனோடு நாலு சாதனங்களை இணைக்கலாம். எல்லாவற்றிலிருந்தும் போவது ஒரே பெயரில்தான், வாடிக்கையாளருக்கு ஆள் மாறியது தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியாமல் போவதுதான் சிக்கல். புகார், பணம் சார்ந்த பதில்களின் கடைசியில் எழுதியவர் பெயரின் இரண்டெழுத்து போடும் பழக்கம் இதற்கு மலிவான மருந்து. சாதாரணக் கேள்விகளுக்கு அது வேண்டாம், அலுவலக வாடை அடிக்கும். முதன்மைப் போன் 14 நாள் திறக்கப்படாமல் கிடந்தால் இணைத்த சாதனங்கள் எல்லாம் வெளியேறிவிடும். மழைக்காலத்தில் உரிமையாளர் ஊருக்குப் போய்விட்டுப் போனை அணைத்துவைத்தால் கவுண்டர் கணினி ஊமையாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அதே வியாழக்கிழமை, ஏற்பாடு இருந்தால்

மாலை ஐந்தரை. மண் சரிந்த செய்தி மேலாளருக்கு வருகிறது. ரோடு அவர் கையில் உள்ள தகவல். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய வீடியோக்களை அவர் நம்புவதில்லை. காவல்துறை அல்லது மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்க்கிறார், இல்லையென்றால் 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்குப் பேசுகிறார். உறுதியானதும் குழுவில் ஒரே சொல்: "நிறுத்து."

இந்தச் சொல்லை ஐந்து பேரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காரணம் கேட்க மாட்டார்கள். "தொடங்கு" என்று சொல்ல மட்டும் இரண்டு பேருக்குத்தான் அதிகாரம்: மேலாளர், உரிமையாளர். நிறுத்துவது தவறானால் ஒரு ரீல் தாமதமாகும். தொடங்குவது தவறானால் வண்டி மலையேறும். அதனால் இரண்டுக்கும் ஒரே அளவு கடினம் வைக்கக் கூடாது.

எடிட்டர் ஏழு மணி ரீலை டிராஃப்டுக்கு மாற்றுகிறார். ஷெட்யூலை நிறுத்தினால் விளம்பரமும் நிற்கும் என்று நினைப்பது பொதுவான தவறு. ஏற்கெனவே பணம் கட்டிப் பூஸ்ட் செய்த பதிவு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியே நிறுத்தி, குழுவில் இரண்டையும் சொல்ல வேண்டும்: "ரீல் நிறுத்தியாச்சு, விளம்பரம் நிறுத்தியாச்சு." இன்ஸ்டாகிராம் செயலிக்குள் ஷெட்யூல் செய்தது பிசினஸ் சூட்டில் தெரியும் என்று நம்பக் கூடாது, ஒரே இடத்தில் மட்டும் ஷெட்யூல் செய்வது என்று முன்பே முடிவெடுத்திருந்தால் இந்த நேரத்தில் தேட வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் எடிட்டரிடமிருந்து பதில் இல்லையென்றால் மகள் செய்கிறார்.

ஆறு மணிக்குள், நாளை வரவேண்டிய மூன்று குடும்பங்களுக்கும் மேலாளர் போன் செய்கிறார். பொதுப் பதிவு அதற்குப் பிறகுதான். பணம் கட்டியவர் ஸ்டோரி பார்த்துத் தெரிந்துகொண்டால் அது வேறு புகாராக வளரும். பணம் பற்றி அவர் வாக்குக் கொடுப்பதில்லை, "தேதி மாத்திக்கலாம். பணம் பத்தி உரிமையாளர் இன்னிக்கு எட்டு மணிக்குள்ள உங்ககிட்ட பேசுவாங்க" என்கிறார்.

ஆறரைக்குப் பதிவு. எழுதியது மேலாளர், பார்த்தது உரிமையாளர்:

"மாலை 6.30 நிலவரம். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தப்பட்டுள்ளது. இன்று இரவு மலையேற வேண்டாம். அறை பதிவு செய்தவர்களிடம் போனில் நேரடியாகப் பேசியிருக்கிறோம். அழைப்பு வராதவர்கள் இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் செய்யுங்கள். அடுத்த தகவல் இரவு 9.30."

தொடக்கத்திலேயே நேரம் இருப்பதைக் கவனியுங்கள். ஸ்க்ரீன்ஷாட் ஆகி நாளை சுற்றினாலும் எப்போதையது என்று தெரியும். எப்போது திறக்கும் என்ற ஊகம் இல்லை. கோத்தகிரி வழி வரலாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்தச் சாலையைப் பற்றி உறுதியான அறிவிப்பு கையில் இல்லாதவரை "காவல்துறை அறிவிப்பைப் பாருங்க, 1077ல கேளுங்க" என்பதே பதில். நமக்கு ரோடு சொந்தமில்லை.

இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்ட்களுக்குப் பதில் சொல்வது மகள் ஒருவர் மட்டும். மற்ற நால்வரும் உதவி செய்கிறேன் என்று கூட இறங்கக் கூடாது. ஒரே கேள்வி இருபது தடவை வரும். இருபதுக்கும் ஒட்டிவைத்த பதிலைப் போடாமல், முதல் சிலருக்குப் பதில் சொல்லிவிட்டுப் பதிவையே மேலே பின் செய்துவிடுவது போதும். ஒன்பதரைக்குப் புதுத் தகவல் எதுவும் இல்லாவிட்டாலும் "9.30 நிலவரம்: மாற்றம் இல்லை. அடுத்தது காலை 7" என்று போட வேண்டும். சொன்ன நேரத்தில் வராத தகவலின் இடத்தை வதந்தி எடுத்துக்கொள்ளும். பத்து மணிக்கு, வேலை நேரத்துக்கு வெளியே வாட்ஸ்அப் தானாக அனுப்பும் செய்தி, அதாவது அவே மெசேஜ், மாற்றப்படுகிறது: சாலை மூடியிருப்பது, காலை ஏழு மணிக்குப் பதில் கிடைக்கும் என்பது, 1077.

வெள்ளி காலை சாலை திறக்கிறது. "தொடங்கு" என்கிறார் மேலாளர். நிறுத்திய ரீல் அப்படியே போவதில்லை. "கிளம்பி வாங்க" என்ற வரியை எடிட்டர் எடுத்துவிட்டு ஞாயிறுக்கு நகர்த்துகிறார். பின் செய்த பதிவை மகள் எடுக்கிறார், அழிப்பதில்லை. "வெள்ளி காலை சாலை திறக்கப்பட்டது" என்று அதன் தலையில் சேர்க்கிறார். ஹைலைட்டில் போட்ட ஸ்டோரியும் போகிறது.

பட்டியலில் இல்லாவிட்டால் மறந்துபோவது அந்த அவே மெசேஜ். அது வெளியாட்களுக்கு மட்டும் போகும். வீட்டில் இருக்கும் ஐந்து பேரில் யார் கண்ணிலும் தானாகப் படாது. ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து அறை கேட்பவருக்கு "சாலை மூடப்பட்டுள்ளது" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும், அவரும் வேறு இடம் பார்த்துக்கொள்வார். வேலை நேரம் முடிந்ததும் மேலாளர் தன் மனைவியின் போனிலிருந்து கடை எண்ணுக்கு ஒரு "ஹலோ" அனுப்பி, என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நோட்டில் அந்த வரியை அடிக்க வேண்டும்.